ஹாலும் புரொஜெக்டரும் கேட்டு ஒரு கடிதம்

கடிதம் எழுதுவது எப்படி என்று நம் பள்ளிகளில் வருடா வருடம் சொல்லித் தருகிறார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், 'மதிப்பிற்குரிய ஐயா', கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள', இடம், நாள், கட்டம் போட்டு உறைமேல் முகவரி. தேர்வுத் தாளில் இந்த வரிசை பிசகாமல் இருந்தால் மதிப்பெண்ணுக்குப் பெரிய சேதாரம் வராது. நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் துருவிப் பார்ப்பதில்லை. ஆனால் நிஜமாகவே தலைமையாசிரியர் மேசைக்குப் போகிற கடிதத்தில் கதை தலைகீழ். கையில் கொடுக்கிற கடிதத்துக்கு உறையே கிடையாது, அதில் உறைமேல் முகவரி எதற்கு? நடுவில் இருக்கிற பத்துப் பதினைந்து வரியை வைத்துத்தான் காரியம் நடக்கும்.

வழக்கமாக மாணவர்கள் கொண்டுபோகும் கடிதம் இப்படி இருக்கும்: 'நாங்கள் ஒரு கண்காட்சி நடத்த விரும்புகிறோம். எனவே பள்ளி ஹாலையும் புரொஜெக்டரையும் எங்களுக்குத் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' பணிவுக்குக் குறைச்சல் இல்லை. படிக்கிற தலைமையாசிரியருக்குத்தான் அடுக்கடுக்காகக் கேள்வி எழும். என்றைக்கு? எத்தனை மணிக்கு? எந்தெந்த வகுப்பு பார்க்க வரும், அவர்கள் எந்தப் பாடவேளையை இழப்பார்கள்? புரொஜெக்டர் உடைந்தால் யார் பொறுப்பு? ஒவ்வொன்றுக்கும் பையனைக் கூப்பிட்டு விசாரிக்க அவருக்கு நேரம் இருக்காது. 'பார்க்கலாம்பா' என்று சொல்லிக் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுவார். அது அங்கேயே கிடக்கும்.

இன்னொன்றையும் மாணவர்கள் யோசிப்பதில்லை. அந்தக் கடிதம் தலைமையாசிரியரோடு நின்றுவிடுவதும் இல்லை. அதன் ஓரத்தில் அவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அது பயணம் கிளம்புகிறது: ஹால் சாவி வைத்திருப்பவரிடம், புரொஜெக்டரைப் பூட்டி வைத்திருக்கும் கணினி ஆசிரியரிடம், கால அட்டவணை பார்க்கும் உதவித் தலைமையாசிரியரிடம், மாலையில் கேட்டைப் பூட்டும் காவலரிடம். ஆளுக்கொரு கேள்வி வைத்திருப்பார்கள். நால்வருக்கும் அந்த ஒரே தாளில் பதில் இருக்க வேண்டும்.

ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். சிறுநகர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்புப் பசுமைப் படை மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். பாட்டில்களில் ஏரித் தண்ணீர், மதகின் மாதிரி, பறவைப் படங்கள், வரத்துக் கால்வாய் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று காட்டும் வரைபடம் என 24 காட்சிப் பொருள்கள். கூடவே, ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த பெரியவர்களைச் செல்போனில் பேட்டி எடுத்துத் தொகுத்த 12 நிமிடப் படம். அதற்குத்தான் புரொஜெக்டர்.

முதலில் தேதி. அரசுப் பள்ளியில் ஹால் சும்மா கிடக்கிற நாள் குறைவு. தேர்வு வந்தால் அது தேர்வறை. மருத்துவ முகாம் என்றாலும் அங்கேதான், ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றாலும் அங்கேதான். பிள்ளைகள் முதலில் ஆசைப்பட்டது ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. பொறுப்பாசிரியை கேட்டதுமே கையை விரித்துவிட்டார். 26-ஆம் தேதி குடியரசு தினம். அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஹாலில் நடன ஒத்திகை நடக்கும். பிப்ரவரிக்குத் தள்ளினால் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நெருங்கிவிடும், ஆசிரியர்கள் யாரும் கைக்குக் கிடைக்கமாட்டார்கள். மிச்சம் இருப்பது ஜனவரியின் கடைசி வாரம். 29, வியாழக்கிழமை என்று முடிவானது.

கூடவே மாற்றுத் தேதி ஒன்றையும் எழுதச் சொன்னார். இது நல்ல பழக்கம். ஒரே தேதி கொடுத்தால் தலைமையாசிரியருக்கு 'சரி', 'முடியாது' என்று இரண்டே பதில்தான். இரண்டு தேதி கொடுத்தால் 'எது வேண்டும்' என்ற கேள்வியாக அது மாறிவிடும். மாற்றுத் தேதி மறுநாள் 30, வெள்ளி. அன்றைக்குக் காந்தி நினைவு நாள். காலை 11 மணிக்கு மௌன அஞ்சலி உண்டு, தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியும் உண்டு. அந்த நேரத்தில் படம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. மாலையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வைத்திருந்தால் ஹாலை மூன்று மணிக்கே காலி செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் அது இரண்டாவது விருப்பம்.

கண்காட்சி ஒரு நாள்தான். ஆனால் ஹால் ஒரு நாளைக்கு மட்டும் போதாது. 24 பொருள்களைக் காலை மணி அடித்த பிறகு அடுக்க முடியாது, முந்தின நாள் மாலையே வேலை தொடங்க வேண்டும். கடிதத்தில் விட்டுப்போகிற விஷயங்களில் முதலிடம் இதற்குத்தான். 29-ஆம் தேதிக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு 28 மாலை மேசையைத் தூக்கிக்கொண்டு போனால் ஹால் பூட்டிக் கிடக்கும், சாவிக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே '28.01.2026 மாலை 4.30 முதல் 6.30 வரை, 29.01.2026 காலை முதல் மாலை 5 மணி வரை' என்று மணி போட்டுக் கேட்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு மாணவர்கள் வளாகத்தில் இருப்பதால் உடன் இருக்கப்போகும் ஆசிரியர் யார் என்பதையும் அதே வரியில் சொல்லிவிட வேண்டும். மாணவிகள் இருக்கிற பள்ளியில் இதைத்தான் தலைமையாசிரியர் முதலில் கேட்பார்.

அடுத்தது பார்வையாளர்கள். ஆறு முதல் ஒன்பது வரை 12 பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரையும் ஒரேயடியாக உள்ளே விட்டால் கண்காட்சி திருவிழாக் கூட்டமாகிவிடும். மாணவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நாளைக்கு எட்டுப் பாடவேளை. முதல் வேளையில் கடைசி நேர வேலை, எட்டாவதில் பிரித்து அடுக்குவது. நடுவில் ஆறு. வேளைக்கு இரண்டு பிரிவு வந்தால் பன்னிரண்டும் முடிந்துவிடும். ஒரு பிரிவு படம் பார்க்கும்போது இன்னொரு பிரிவு காட்சிகளைச் சுற்றி வரும், இருபது நிமிடம் கழித்து இடம் மாறிக்கொள்ளும். இதனால் ஒரு நேரத்தில் படத்தின் முன்னால் உட்காருவது நாற்பது பேர் மட்டும். இரண்டு ஜமுக்காளம் போதும், நாற்காலியே தேவையில்லை. எந்தப் பிரிவும் ஒரு பாடவேளைக்கு மேல் இழக்காது. இந்தக் கடைசி வாக்கியம் கடிதத்தில் இருந்தால் உதவித் தலைமையாசிரியர் எதிர்க்கமாட்டார். மேசைகளுக்கும் இப்படித்தான்: 14 டெஸ்க் வேண்டும், அவற்றைத் தங்கள் சொந்த வகுப்பறையிலிருந்தே எடுத்து வந்து மாலையில் திருப்பிப் போட்டுவிடுவோம் என்று எழுதினால், அடுத்த வகுப்புக்காரர்கள் தரையில் உட்கார வேண்டியதில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இனி வருவதுதான் சிக்கலான இடம். கண்காட்சிக்கு வெளிச்சம் வேண்டும், புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும். ஒரே ஹாலில் இரண்டையும் கேட்கிறோம் என்பது பலருக்கு அன்றைய தினம் காலை பத்து மணிக்குத்தான் உறைக்கும்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பாகத் தெரிவது, அது ஒளி வீசாமல் விட்ட இடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், படம் முழுக்கச் சோகை பிடித்தாற்போல் வெளிறிவிடும். பள்ளிகளில் இருக்கும் சாதாரண புரொஜெக்டர் 3,000 லூமென் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் படத்தை விரித்தால் பரப்பு மூன்று சதுர மீட்டர். ஒளி பங்கிடப்பட்டுத் திரையில் 1,000 லக்ஸ் விழும். பல்பு பழசாகிவிட்டால் அது பாதியாகக் குறைந்து 500 என்றும் ஆகலாம். ஜன்னலெல்லாம் திறந்த ஹாலில் பகல் வெளிச்சமே அந்தத் திரையில் 300 லக்ஸ் விழுகிறது என்றால், படத்தின் வெள்ளை 800, கறுப்பு 300. வித்தியாசம் மூன்று மடங்குகூட இல்லை. பெரியவரின் முகம் தெரியும், அவர் கை காட்டுகிற கால்வாய் தெரியாது. அதே திரைக்கு அருகே மறைப்புக் கட்டி வெளிவெளிச்சத்தை 30 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் வெள்ளை 530, கறுப்பு 30. இப்போது வித்தியாசம் பதினேழு மடங்கு. புரொஜெக்டரை மாற்றவில்லை, திரைச்சீலையை இழுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

லக்ஸ் அளக்கக் கருவி தேடி அலைய வேண்டாம். நண்பகலில் திரை தொங்கப்போகும் இடத்தில் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். பொடி எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் அங்கே படம் எடுபடாது. நம் மாணவர்கள் பார்த்ததில், ஹாலின் நடுப்பகுதி நல்ல வெளிச்சம், மேடைப் பக்கம் இரண்டே ஜன்னல். ஆகவே காட்சிப் பொருள்கள் நடுவில், படம் மேடையில். மேடைத் திரைச்சீலை ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அவர்களே கொண்டுவந்து கட்டுவார்கள். படத்தையும் ஆறடி அகலத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரிய படம் என்றால் பெருமைதான், ஆனால் அகலத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். நாற்பது பிள்ளைகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்க்க ஆறடி தாராளம்.

ஆறடிப் படத்துக்கு, பெரும்பாலான சாதாரண புரொஜெக்டர்களைத் திரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு அடி தள்ளி வைக்க வேண்டும். அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. மேடையில் அவ்வளவு ஆழம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிட வேண்டும். புரொஜெக்டர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ப்ளக் பாயிண்ட் இருக்காது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும். லேப்டாப்பும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் கூட வரும் கேபிள் குட்டையானது. புரொஜெக்டரில் பழைய வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்து, லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் தேவை. வி.ஜி.ஏ. கேபிள் படத்தை மட்டும்தான் சுமக்கும், சத்தத்தைச் சுமக்காது. பெரியவர்கள் வாயசைக்க, ஹால் ஊமையாக நிற்கும். அதனால் ஸ்பீக்கரையும் பட்டியலில் சேர்த்துக் கேட்க வேண்டும். 'புரொஜெக்டர் வேண்டும்' என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் புரொஜெக்டர் மட்டும்தான் வரும். பவர் கார்டு, ரிமோட், கேபிள், திரை எல்லாம் வேறு பீரோவில், வேறு பூட்டில் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எழுதிய கடிதம் கீழே. மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியர் என்ற இடத்தில் முதல்வர் என்று போட்டுக்கொள்ளலாம், மற்றது மாறாது.

அனுப்புநர்
செயலர், பசுமைப் படை,
11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

வழி: பொறுப்பாசிரியர், பசுமைப் படை

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: 29.01.2026 ஏரிக் கண்காட்சி – கூட்ட அரங்கும் புரொஜெக்டரும் வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். நம் ஊர் ஏரியைப் பற்றிப் பசுமைப் படை மாணவர்கள் 22 பேர் தயாரித்துள்ள கண்காட்சியை 29.01.2026 வியாழக்கிழமை நடத்த அனுமதி வேண்டுகிறோம். அன்று இயலாவிட்டால் 30.01.2026 வெள்ளிக்கிழமை நடத்திக்கொள்கிறோம்.

இதற்குக் கூட்ட அரங்கு 28.01.2026 மாலை 4.30 முதல் 6.30 வரையிலும், 29.01.2026 காலை 8.30 முதல் மாலை 5 மணி வரையிலும் தேவைப்படுகிறது. முந்தின நாள் மாலை பொறுப்பாசிரியர் எங்களுடன் இருப்பார்.

6 முதல் 9 வரையுள்ள 12 பிரிவுகளும் இரண்டாம் பாடவேளை முதல் ஏழாம் பாடவேளை வரை, வேளைக்கு இரண்டு பிரிவுகளாகப் பார்வையிடும். எந்தப் பிரிவுக்கும் ஒரு பாடவேளைக்கு மேல் ஆகாது. கால அட்டவணையை இணைத்துள்ளோம்.

12 நிமிடப் படம் ஒன்றைத் திரையிட, கணினி ஆசிரியர் பொறுப்பில் உள்ள புரொஜெக்டரும், பவர் கார்டு, ரிமோட், கேபிள், திரை, ஸ்பீக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவையும் தேவை. பொறுப்பாசிரியர் கையெழுத்திட்டுப் பெற்று, 29-ஆம் தேதி மாலையே ஒப்படைப்பார். 27-ஆம் தேதி மதிய உணவு இடைவேளையில் ஒருமுறை இயக்கிப் பார்க்கவும் அனுமதி வேண்டுகிறோம்.

லேப்டாப், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, 14 டெஸ்க் ஆகியவற்றை நாங்களே கொண்டுவந்து, முடிந்ததும் அரங்கைக் கூட்டிச் சுத்தம் செய்து ஒப்படைக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
செயலர், பசுமைப் படை

நாள்: 08.01.2026

கடிதத்தில் 'தாழ்மையுடன்' ஒரு இடத்திலும் வரவில்லை, கவனித்தீர்களா? வேண்டாம் என்றில்லை, விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அது இல்லாததால் குறைந்ததாக எதுவும் தெரியவில்லை. கண்காட்சியால் மாணவர் சமுதாயத்துக்கு விளையும் நன்மைகள் என்று ஒரு பத்தி எழுதுகிற வழக்கமும் உண்டு. தலைமையாசிரியருக்கு அது தெரியாதா என்ன? அந்த இடத்தில் பாடவேளைக் கணக்கை வைத்தார்கள்.

மாணவர் பெயரில் கடிதம் போனாலும் புரொஜெக்டரை வாங்குவது ஆசிரியர் என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியின் பொருள்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை, தணிக்கைக்கு வருபவை. அதை வெளியே விடும்போது இன்னொரு ஆசிரியர் கையெழுத்து இருந்தால்தான் கணினி ஆசிரியருக்கு நிம்மதி. புரொஜெக்டரைத் தர அவர் தயங்குவதைப் பலரும் கஞ்சத்தனம் என்பார்கள். பல்பு வகைப் புரொஜெக்டரில் பல்புக்குச் சில ஆயிரம் மணி நேரம்தான் ஆயுள், மாற்றினால் விலை அதிகம். படம் முடிந்ததும் சட்டென்று ப்ளக்கைப் பிடுங்கினால் சூடான பல்பைக் குளிர்விக்கும் ஃபேன் நின்றுபோய் ஆயுள் இன்னும் குறையும். ரிமோட்டில் அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும், அது நின்ற பிறகுதான் கரண்டை எடுக்க வேண்டும். ஆறு பாடவேளைக்கும் ஆறு தடவை அணைத்துப் போடுவதைவிட, இடைவெளியில் படத்தை மட்டும் மறைத்துவிட்டு ஓடவிடுவது நல்லது. வாங்கப்போகிற பையன் இதை அவரிடம் தானாகவே சொன்னான் என்றால் அடுத்த தடவை கேட்கும்போது தயக்கம் இருக்காது.

27-ஆம் தேதிச் சோதனை ஓட்டம் என்ற வரியைத் தேவையில்லை என்று நீக்கிவிடாதீர்கள். நீலத் திரையில் `No Signal` என்று வந்து நின்றால் பெரும்பாலும் கேபிள் சரியாகச் செருகியிராது, அல்லது புரொஜெக்டர் வேறு துளையைப் பார்த்துக்கொண்டிருக்கும், ரிமோட்டில் `Source` அழுத்தி மாற்ற வேண்டும். அப்படியும் வராவிட்டால் லேப்டாப்பில் `Windows + P` அழுத்தி `Duplicate` தேர்ந்தெடுத்தால் படம் வந்துவிடும். தமிழ் எழுத்தில் இன்னொரு வினை. வீட்டுக் கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடை வேறு லேப்டாப்பில் திறந்தால் 'ஏரி' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். யூனிகோடில் அடித்திருக்க வேண்டும், அல்லது ஸ்லைடுகளை பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுவர வேண்டும். சோதனை நாளில் இது தெரிந்தால் அரை மணி நேர வேலை. கண்காட்சியன்று தெரிந்தால் நாற்பது பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கடிதத்தை ஒரே பக்கத்தில் முடித்து, இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விட வேண்டும். தலைமையாசிரியரின் பச்சை மை விழப்போகிற இடம் அது. 'அனுமதிக்கப்படுகிறது. கணினி ஆசிரியர் ஆவன செய்யவும்' என்று அவர் எழுத இடம் வேண்டுமல்லவா? கையெழுத்தானதும் இரண்டு நகல் எடுத்து, சாவி வைத்திருப்பவரிடம் ஒன்று, கணினி ஆசிரியரிடம் ஒன்று கொடுத்துவிட வேண்டும். அலுவலகத்தில் மூலக்கடிதம் கோப்புக்குப் போய்விடும். 'அம்மா வாயால் சொன்னாங்க சார்' என்று சொல்லி மாலை ஐந்து மணிக்கு யாரிடமும் சாவி வாங்க முடியாது.

ஓரத்தில் வேறு மாதிரியும் வரலாம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. அங்கே புரொஜெக்டரைக் கூரையில் பொருத்தியிருந்தால் கழற்றித் தரமாட்டார்கள். 'அரங்கு அனுமதிக்கப்படுகிறது. படத்தை ஆய்வகத்தில் திரையிடவும்' என்று எழுதி வந்தால் மாணவர்கள் முகம் வாடிப்போகும். உண்மையில் அது வசதிதான். இருட்டுப் பிரச்சினை தீர்ந்தது, கறுப்புத் துணியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். ஆனால் ஹாலுக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நாற்பது பிள்ளைகள் வரிசையாக நடந்துபோகக் குறைந்தது ஐந்து நிமிடம் பிடிக்கும். இருபது நிமிடச் சுற்று இருபத்தைந்தாகும், 45 நிமிடப் பாடவேளைக்குள் இரண்டு சுற்று அடங்காது. ஆய்வகத்துக்கும் தனிக் கால அட்டவணை உண்டு, அன்றைக்கு அங்கே எந்த வகுப்புக்கு இணையவழித் தேர்வு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். அப்போது படத்தை எட்டு நிமிடமாக வெட்டிச் சுருக்குவார்கள், அல்லது ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் படம் என்று வைத்துக்கொள்வார்கள். எதுவானாலும் இணைத்த கால அட்டவணையைத் திருத்தி, பொறுப்பாசிரியர் கையெழுத்தோடு மறுநாளே அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பழைய அட்டவணையை நம்பி எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு ஹால் வாசலில் வந்து நின்றுவிடும்.